எட்டாவது ஸ்டெப்பில் இருந்த இன்வெர்ட்டர்

போன வருஷம் மே மாசம், விருதுநகர்ல இருக்கிற அத்தை போன் பண்ணாங்க. ஹால் ஃபேன் சுத்தலையாம். சுவிட்சைப் போட்டா 'ம்ம்ம்'னு முனகுதாம், குச்சியால தள்ளிவிட்டா மெதுவா சுத்துதாம். ட்ரிபிள் இ படிக்கிற பையன்கிட்ட கேட்கிற கேள்வி இது. கண்டன்சர் போயிருக்கும்னு சொன்னேன். புத்தகத்துல கெப்பாசிட்டர், கடையில கண்டன்சர். எலக்ட்ரீஷியன் வர மூணு நாள் ஆகும்னாங்க. அத்தை பையனுக்கு 19 வயசு, அவனே மாத்திடுவான்னு நானே ஒரு செய்முறை டைப் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அது இதுதான்:

1. மெயினை ஆஃப் செய்யவும்.
2. ஸ்டூலில் ஏறி, ஃபேன் மோட்டாருக்கு மேலே உள்ள மூடியின் ஸ்க்ரூவைத் தளர்த்தவும்.
3. மூடியை ராடில் மேலே தள்ளவும்.
4. கண்டன்சரின் இரண்டு வயர்களையும் கழற்றவும்.
5. புது கண்டன்சரை அதே இடத்தில் இணைக்கவும்.
6. மூடியைப் பழையபடி பொருத்தவும்.
7. மெயினை ஆன் செய்து பார்க்கவும்.
8. குறிப்பு: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்ய வேண்டும். கண்டன்சரில் சார்ஜ் இருக்கலாம், கவனம்.

பிரச்சினை எங்கே இருக்குன்னு உங்களுக்கு இப்பவே தெரிஞ்சிருக்கும். நீங்க நாற்காலியில உட்கார்ந்து எட்டு வரியையும் ஒரே பார்வையில பார்க்கறீங்க. அவன் அப்படிப் பார்க்கல. அவன் ஸ்டூல் மேல நின்னான், அத்தை கீழே நின்னு போனைப் பார்த்து ஒவ்வொரு வரியா வாசிச்சாங்க. ஒண்ணு வாசிச்சாங்க, மெயின் ஆஃப் ஆச்சு. ரெண்டு, மூணு ஆச்சு. நாலு வாசிச்சாங்க, அவன் வயரைத் தொட்டான்.

மெயினை அணைச்சதும் இன்வெர்ட்டர் தானா எடுத்துக்கிச்சு. ஹால் ஃபேன் அந்த லைன்லதான் இருந்தது. பகல் நேரம், அதனால எந்த லைட்டும் எரியல. ஃபேன் முனகிட்டேதான் இருந்திருக்கு. ஆனா கெட்டுப்போன நாள்லேர்ந்தே அது முனகிட்டுத்தானே இருக்குன்னு ரெண்டு பேரும் விட்டுட்டாங்க. ஷாக் அடிச்சு, கையை உதறினதுல ஸ்டூல் சாய்ஞ்சு கீழே விழுந்தான். முழங்கையில ஆறு தையல். தலை டீப்பாய் ஓரத்துல படாம ஒரு ஜாண் தள்ளி விழுந்திருக்கு. அத்தை என்னைத் திட்டக்கூட இல்ல. "எட்டாவதுல போட்டிருந்தியேடா, நாங்கதான் அதுவரைக்கும் வாசிக்கல"ன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்தது.

அதுக்கப்புறம் அந்த எட்டு வரியை நான் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். செய்முறையில எச்சரிக்கை இருக்கா இல்லையாங்கிறது பாதிக் கேள்விதான். அந்தக் கை அந்த இடத்துக்குப் போகிறதுக்கு எவ்வளவு முன்னாடி அந்த வரி கண்ணுல படுதுங்கிறது மீதிக் கேள்வி. அதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல, சமையல் குறிப்புலேர்ந்து ஒரு சின்ன உதாரணம். தக்காளி சூப் செய்முறைகள்ல இப்படி ஒரு வரி பார்த்திருப்பீங்க: "வேகவைத்த தக்காளியை மிக்ஸியில் போட்டு நைசாக அரைக்கவும். நன்கு ஆறிய பிறகே அரைக்க வேண்டும்." ரெண்டு வாக்கியமும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. ஆனா முதல் வாக்கியத்தைப் படிச்சதும் கை மிக்ஸிக்குப் போயிடும். கொதிக்கிறதை மூடின ஜார்ல அரைச்சா நீராவி ஒரே நேரத்துல கிளம்பி மூடியைத் தூக்கி அடிக்கும். மூஞ்சி, கழுத்து எல்லாம் சூடான தக்காளி. இதுக்குப் பெரிய சிவப்பு எழுத்து எதுவும் தேவையில்ல. "தக்காளியைத் தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை ஆறவிடவும்"னு ஒரு தனி ஸ்டெப், அதுக்கப்புறம் "அரைக்கவும்". அவ்வளவுதான். எச்சரிக்கையே ஒரு வேலையா மாறிடுச்சு. வேலையைச் செய்றவங்க அதைத் தாண்டிப் போக முடியாது.

இதையே ஃபேனுக்குச் செய்ய முடியுமான்னு பார்த்தேன். "இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்யவும், கவனம்"னு முதல் ஸ்டெப்லயே ஒட்டிடலாம். ஆனா அது இன்னும் ஒரு அறிவுரைதான். இன்வெர்ட்டரை மட்டும் அணைச்சா போதும்னு ஒருத்தர் நினைக்கலாம். அதுவும் தப்பு. முன்னாடி இருக்கிற சுவிட்சை அணைச்சாலும் நிறைய இன்வெர்ட்டர்கள்ல மெயின் கரண்ட் நேரா வழிஞ்சு வீட்டு லைனுக்குப் போயிட்டுத்தான் இருக்கும். ரெண்டையும் அணைக்கணும், அணைஞ்சதான்னு தெரியவும் வேணும். தெரிஞ்சுக்க ஒரு வழி அந்தக் கெட்டுப்போன ஃபேன்லயே இருக்கு. அதோட முனகல்.

புது முதல் ஸ்டெப் இப்படி வந்தது:

"ஃபேன் சுவிட்சை ஆன்ல வைங்க, ரெகுலேட்டரை முழுசா வைங்க. ஃபேன் முனகுதான்னு கேளுங்க. முனகினா குச்சியால லேசா தள்ளிச் சுத்தவும் விடுங்க. இப்போ இன்வெர்ட்டர் சுவிட்சை அணைங்க. பிறகு மெயினை அணைங்க. சுத்தறது முழுசா நின்னு, முனகலும் நின்னுச்சா? இன்னும் முனகினா, இல்ல திரும்ப முனக ஆரம்பிச்சா, ஃபேனுக்கு எங்கேயிருந்தோ கரண்ட் வருது. ஏறாதீங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. நின்னுடுச்சுன்னா சுவர் சுவிட்சையும் அணைங்க."

பழைய குறிப்பில அத்தை வீட்டு ஃபேன் முனகினது ஒரு அறிகுறி மட்டும்தான். இங்கே அதுவே மீட்டர். வரிசையையும் கவனிங்க. எல்லாரும் பழக்கத்துல முதல்ல சுவர் சுவிட்சைத்தான் அணைப்பாங்க. அப்படிச் செஞ்சா ஃபேன் அங்கேயே நின்னுடும், அப்புறம் மெயின் உண்மையிலேயே போச்சான்னு காட்ட எதுவும் இருக்காது. சுவர் சுவிட்சை மட்டும் நம்பவும் முடியாது. பழைய வீடுகள்ல சில இடத்துல சுவிட்ச் ஃபேஸ் வயருக்குப் பதிலா நியூட்ரல்ல மாட்டியிருக்கும். சுவிட்ச் ஆஃப், ஃபேன் நிக்குது, ஆனா ஃபேன் வரைக்கும் ஃபேஸ் வந்து காத்திருக்கும்.

டெஸ்டருக்கும் இதே வரிசைப் பிரச்சினை உண்டு. "வயரைத் தொடுமுன் டெஸ்டரால் சோதிக்கவும்"னு ஸ்டூல் மேல போன பிறகு சொன்னா, டெஸ்டர் எரியலைங்கிறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. கரண்ட் இல்ல, இல்லேன்னா டெஸ்டரே செத்துப்போச்சு. எதுன்னு பார்க்க வேலை செய்யற ஒரு பிளக் பாயிண்ட் வேணும். ஆனா மெயினைத்தான் ஏற்கனவே அணைச்சாச்சே! அதனால டெஸ்டரைச் சோதிக்கிற வரி மெயினை அணைக்கிற ஸ்டெப்புக்கு முன்னாடியே வரணும்: "கரண்ட் இருக்கிற பிளக் பாயிண்ட்ல டெஸ்டரை வெச்சு, எரியுதான்னு பாருங்க." மேலே ஏறின பிறகு கனெக்டர்ல ஒவ்வொரு ஸ்க்ரூவா மறுபடி வைக்கணும். காய்ஞ்ச மர ஸ்டூல் மேல நிக்கும்போது நியான் டெஸ்டர் மங்கலாத்தான் எரியும், பகல் வெளிச்சத்துல அது கண்ணுக்கே தெரியாமப் போகலாம். அதனால அதை ரெண்டாவது காவலா மட்டும் வெச்சேன். முதல் காவல் அந்த முனகல்தான்.

அடுத்து, கண்டன்சர்ல இருக்கிற சார்ஜ். "கண்டன்சரில் சார்ஜ் இருக்கலாம், கவனம்"னு எழுதினேனே, அதைப் படிச்சு யாராலயும் எதுவும் செய்ய முடியாது. கவனமா இருன்னா எப்படி இருக்கிறது, மூச்சைப் பிடிச்சுக்கிட்டா? எச்சரிக்கைன்னா என்ன ஆகும், ஏன் ஆகும், என்ன செய்யணும்னு மூணும் சொல்லணும். அதுக்கு முதல்ல ஆபத்து எவ்வளவுன்னு எனக்கே தெரியணுமே, அதனால கணக்குப் போட்டேன். சீலிங் ஃபேன்ல சாதாரணமா இருக்கிறது 2.5 மைக்ரோஃபாரட். 230 வோல்ட் லைனோட உச்சம் சுமார் 325 வோல்ட். E = ½CV² போட்டா கிட்டத்தட்ட 0.13 ஜூல். ஆளைக் கொல்ற அளவு இல்ல. சுருக்குன்னு ஒரு அடி, அவ்வளவுதான். ஆனா அந்த அடி எங்கே நின்னு வாங்குறீங்க? ஸ்டூல் மேல, ரெண்டு கையும் தலைக்கு மேல. அதனால இங்கே நிஜமான ஆபத்து கீழே விழறது. இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு எச்சரிக்கையோட வார்த்தையே மாறிடுச்சு.

நியாயமா இன்னொரு விஷயமும் சொல்லணும். எல்லா இணைப்பும் சரியா இருந்தா, கரண்டை அணைச்சதும் கண்டன்சர்ல மிச்சமிருக்கிற சார்ஜ் மோட்டார் காயில் வழியாவே உடனே வடிஞ்சுடும். பத்துல ஒன்பது தடவை ஒண்ணும் ஆகாது. "நாங்கெல்லாம் வெறும் கையாலதான் கழற்றுவோம்"னு எலக்ட்ரீஷியன் அண்ணன்கள் சொல்றது அதனாலதான். ஆனா நம்ம கையில இருக்கிறது ஏற்கனவே கெட்டுப்போன ஃபேன். உள்ளே ஒரு வயர் விட்டுப்போயிருந்தா வடியிற வழியும் போச்சு. அதனால அந்த ஸ்டெப் இருக்கணும்னு முடிவு பண்ணேன்.

எங்கே வைக்கிறது? மூடியைத் தள்ளின பிறகு, வயரைக் கழற்றுறதுக்கு முன்னாடி. ஆனா அதுக்குத் தேவையான சாமானைக் கீழேயே எடுத்திருக்கணும். பழைய குண்டு பல்பு ஒண்ணு ஹோல்டரோட, ரெண்டு வயர் நீட்டி. இல்லேன்னா 10 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு, ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை போட்ட வயர் சேர்த்து. எல்இடி பல்பு இதுக்கு ஆகாது, உள்ளே சர்க்யூட் இருக்கு. அதனால ஒரே விஷயம் ரெண்டு இடத்துல வருது. ஏறுமுன் எடுத்துக்கிற பட்டியல்ல சாமான் பேர், மேலே போன பிறகு அதை வெச்சுச் செய்ய வேண்டியது. திரும்பச் சொல்றதா தோணும். ஆனா ஸ்டூல் மேல நின்னுட்டு "ஐயோ பல்பு"ன்னு ஒருத்தர் நினைச்சா இறங்க மாட்டார், அந்த ஸ்டெப்பைத் தாண்டிடுவார். நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இங்கே தமிழ் வாக்கியமே ஒரு வேலை காட்டுச்சு. முதல்ல நான் எழுதினது: "கண்டன்சரின் இரண்டு முனைகளையும் வெறும் விரலால் தொட்டுப் பிடித்து இழுத்துக் கழற்றக் கூடாது." இலக்கணப்படி சரியான வாக்கியம். அத்தை வாசிக்கிறதா நினைச்சு சத்தமா வாசிச்சுப் பார்த்தேன். 'கூடாது' வர்றதுக்குள்ள, தொடு, பிடி, இழு, கழற்றுன்னு நாலு கட்டளை காதுல விழுந்துடுது. நம்ம மொழியில மறுப்பு கடைசியிலதான் வரும். நீட்டி எழுதினா எச்சரிக்கையே செய்முறை மாதிரி ஒலிக்கும். அதனால வாக்கியத்தை வெட்டினேன்: "இன்னும் கை வைக்காதீங்க. கண்டன்சர்ல சார்ஜ் மிச்சம் இருக்கலாம். சுருக்குன்னு அடிச்சா ஸ்டூல்லேர்ந்து விழுந்துடுவீங்க. பல்பு வயர் ரெண்டையும் உறையில பிடிச்சு, கண்டன்சர் முனை ரெண்டிலும் மூணு விநாடி வைங்க." கீழே இருந்து யாராவது வாசிச்சா, முதல் மூணு வார்த்தையிலயே கை நின்னுடும். காரணம் அதுக்கப்புறம் வரலாம்.

அப்போ எல்லா எச்சரிக்கையையும் உள்ளேதான் வைக்கணுமா, ஆரம்பத்துல எதுவுமே வேண்டாமான்னு கேட்பீங்க. அமெரிக்காவுல கையேடுகளுக்குன்னே ஏஎன்எஸ்ஐ இசட்535.6 என்று ஒரு தரநிலை இருக்கு. அதுல எச்சரிக்கைகளை முன்னாடி மொத்தமா தொகுத்து வைக்கிறது, ஒரு பகுதியோட தொடக்கத்துல வைக்கிறது, ஸ்டெப்புக்குள்ளேயே பதிச்சு வைக்கிறதுன்னு இடத்தை வெச்சே பிரிச்சிருக்காங்க. எனக்கு இதுலேர்ந்து கிடைச்ச நடைமுறைக் கேள்வி ஒண்ணு: இதைப் படிச்சா ஒருத்தர் வேலையை ஆரம்பிக்காமலே விட வாய்ப்பு இருக்கா? இருந்தா அது மேலே வரணும். ஃபேனுக்கு அப்படி மூணே மூணு தேறிச்சு. ரிமோட்ல ஓடுற பிஎல்டிசி ஃபேன்னா இந்தச் செய்முறை உங்களுக்கு இல்ல. சீலிங்ல தண்ணி ஒழுகியிருந்தாலோ வயர் கருகியிருந்தாலோ திறக்காதீங்க. வீட்டுல தனியா இருந்தா இன்னொருத்தர் வர்ற வரைக்கும் ஏறாதீங்க, ஸ்டூலைப் பிடிக்கவும் மெயின்கிட்ட யாரும் போகாம பார்த்துக்கவும் ஆள் வேணும். மத்தது எல்லாம் உள்ளே. முதல் பதிப்புக்கு அப்புறம் குற்ற உணர்ச்சியில நான் மேலேயே பதினோரு எச்சரிக்கை போட்டு ஒரு பதிப்பு எழுதியிருந்தேன். ரப்பர் செருப்பு, குழந்தைகள், ஸ்க்ரூ டிரைவர் கூர்மை எல்லாம் அதுல. என் ரூம்மேட் அதை மேலே தள்ளி நேரா 'ஸ்டெப் 1'க்குப் போன வேகத்தைப் பார்த்ததும் அழிச்சுட்டேன்.

வார்த்தையோட கனமும் இதோட சேர்ந்ததுதான். அதே தரநிலையில உயிருக்கோ பெரிய காயத்துக்கோ ஆபத்துன்னா ரெண்டு சொல், சின்னக் காயம்னா வேற சொல், பொருள் மட்டும் சேதமாகும்னா அதுக்குத் தனிச் சொல். நான் 'கவனம்'ங்கிற ஒரே சொல்லை எல்லாத்துக்கும் போட்டு வெச்சிருந்தேன். இப்போ 'ஆபத்து'ன்னு ரெண்டே இடத்துலதான் இருக்கு, மெயின் ஸ்டெப்லயும் சார்ஜ் ஸ்டெப்லயும். கழற்றுமுன் வயர்களை போட்டோ எடுங்கன்னு சொல்றதுக்கு அந்தச் சொல் வேண்டாம். தப்பான வயர்ல சேர்த்தா ஃபேன் தலைகீழா சுத்தும், காத்து வராது, யாருக்கும் அடிபடாது. ஆனா அந்த வரியும் கழற்றுறதுக்கு முன்னாடிதான் வரணும், கழற்றினப்புறம் போட்டோ எடுத்து என்ன பண்ண?

இவ்வளவும் செஞ்சு, சரியா வந்துடுச்சுன்னு நினைச்சேன். காலேஜுக்கு வெளியே வீடு எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு மெக்கானிக்கல் நண்பன் ரூம்ல ஃபேன் இதே மாதிரி முனக ஆரம்பிச்சது. அவன் இதுவரைக்கும் ஃபேனைத் திறந்ததே இல்ல. செய்முறையைக் கொடுத்துட்டு, ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு, ஆபத்துன்னா மட்டும் வாயைத் திறக்கிறதுன்னு முடிவோட நின்னேன். முனகல் சோதனை நல்லாப் போச்சு. மூடியை மேலே தள்ளினான், அது வழுக்கி அவன் விரல் மேல இறங்குச்சு. "மேலே தள்ளி, அதே ஸ்க்ரூவை லேசா முறுக்கி நிறுத்துங்க"ன்னு ஒரு வரி விட்டுப்போயிருக்கு, குறிச்சுக்கிட்டேன். சார்ஜை வடிச்சான், போட்டோ எடுத்தான், கண்டன்சரைக் கழற்றினான். அப்புறம் ஸ்டூல்லேர்ந்து இறங்கி, பழைய கண்டன்சரைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டான்.

"எங்கடா போற?"

"கடைக்கு. இதுல என்ன வேல்யூ போட்டிருக்குன்னு இப்பத்தானே தெரியுது."

நியாயம். என் செய்முறையில கழற்றுறதுக்கு அடுத்த வரி 'புது கண்டன்சரை இணைக்கவும்'. அதை எழுதும்போது புது கண்டன்சர் என் மனசுல ஏற்கனவே மேஜை மேல இருந்தது. வாசிக்கிறவங்களுக்கு வேல்யூவே கழற்றின பிறகுதான் தெரியும். 2.5-க்கு 2.5-தான் வாங்கணும், வேகமா சுத்தும்னு 3.15 போட்டா காயில் சூடாகும், 440 வோல்ட்டுக்குக் குறையக்கூடாதுன்னு நான் எழுதியிருந்த எச்சரிக்கை 'இணைக்கவும்' ஸ்டெப்ல இருந்தது. கடைக்குப் போயிட்டு வந்தவனுக்கு அது பயனில்ல. ஆனா அதைவிடப் பெரிய ஓட்டை வேற. அவன் கடைக்குப் போன ரெண்டாவது நிமிஷம், அவனோட தங்கியிருக்கிற பையன் வந்து, "கரண்ட் இல்லையா, லேப்டாப் சார்ஜ் போடணும்"னு மெயின் போர்டுகிட்டப் போனான். மேலே ஃபேன் திறந்து கிடக்கு, மோட்டார் வயர் முனை ரெண்டு வெறுமையா தொங்குது. நான் அங்கே இருந்ததால நிறுத்தினேன். அத்தை வீட்டுல நான் இருந்திருக்க மாட்டேன்.

அன்னைக்கு ராத்திரி சேர்த்த ஸ்டெப் இது. இப்போ அது ஏழாவதா இருக்கு:

"கண்டன்சர் வாங்கக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி: விட்டுப்போன வயர் முனை ஒவ்வொண்ணையும் தனித்தனியா இன்சுலேஷன் டேப்பால மூடுங்க. மூடியை இறக்கி ஸ்க்ரூவை முறுக்குங்க. ஃபேன் சுவிட்ச் மேல ஆஃப்ல இருக்கிற மாதிரி குறுக்கே ஒரு டேப் ஒட்டுங்க, கண்டன்சர் இல்லாம போட்டா காயில் சூடாகும். இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் வீட்டுல இருக்கிறவங்க மெயினைப் போடலாம். பழைய கண்டன்சரைக் கையோட எடுத்துட்டுப் போங்க, அதுல இருக்கிற மைக்ரோஃபாரட் எண்ணையே கேட்டு வாங்குங்க. திரும்பி வந்ததும் மறுபடி ஸ்டெப் 1-லேர்ந்து ஆரம்பிங்க."

நண்பன் திரும்பி வந்தப்போ நான் இன்னும் மெயின் போர்டு முன்னாடியேதான் நின்னுட்டிருந்தேன். லேப்டாப் பையன் பக்கத்துலயே, சார்ஜரைக் கையில வெச்சுக்கிட்டு.